௰, ௱, ௲ வரும் பழைய எண்களை இன்றைய எண்களாக மாற்றுவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பழைய வீடுகளில் இன்னும் நில ஆவணங்களும் நெல் கணக்குகளும் இருக்கின்றன. ஊர்க் கணக்கரான கர்ணம் எழுதிய எழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிடுகிறவர்கள்கூட எண் வரும் இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள குறிகள் பலருக்கும் தெரியும். பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக்குறிகள் வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. இந்தப் பதிவு அந்த மூன்று குறிகளைப் பற்றியது மட்டுமே.

முதலில் குறிகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

௧ 1, ௨ 2, ௩ 3, ௪ 4, ௫ 5, ௬ 6, ௭ 7, ௮ 8, ௯ 9
௰ 10, ௱ 100, ௲ 1000

படி 1: எந்த முறையில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்

எண்ணில் ௰, ௱, ௲ ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் அது பழைய முறை. சுழியம் (௦) இருந்தால், தமிழ்க் குறிகளை இன்றைய முறைப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ௨௦௮ என்பதை அப்படியே 208 என்று படித்துவிடலாம். ௧௯௪௭ என்பதும் புதிய முறைதான். அதே 1947 பழைய முறையில் ௲௯௱௪௰௭ என்று வரும். இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளாமல் படிக்கத் தொடங்கினால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

படி 2: முன்னால் இருப்பது பெருக்கும், பின்னால் இருப்பது கூடும்

பழைய முறையின் அடிப்படை இவ்வளவுதான். ௨௰ என்றால் இரண்டு பத்து, அதாவது 20. ௰௨ என்றால் பத்தும் இரண்டும், அதாவது 12. நாம் வாயால் சொல்லும் வரிசையும் இதுதான்: முந்நூற்று நாற்பத்தைந்து என்பதில் மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து இருக்கின்றன. எழுதும்போது ௩௱௪௰௫.

பெரிய குறிக்கு முன்னால் எதுவும் இல்லையென்றால் ஒன்று என்று கொள்ளுங்கள். ௱ என்றாலே நூறு. ௧௱ என்று எழுத வேண்டியதில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலிருந்து ஓர் உதாரணம். கோயிலுக்குத் தந்தவற்றைக் கல்லில் வெட்டும்படி ராஜராஜன் ஆணையிட்டது அவனுடைய 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள். கல்வெட்டில் அது சொற்களாகவே இருக்கிறது: யாண்டு இருபத்தாறாவது, நாள் இருபது. குறியில் எழுதினால் ௨௰௬, ௨௰. அதே கோயிலில் ஆடல் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். அது ௪௱. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு நெல் நூறு கலம். அது ௱. மொத்தம் 40,000 கலம் ஆகிறது. இதைக் குறியில் எழுத அடுத்த படி வேண்டும்.

படி 3: பெரிய எண்ணை ௲ இருக்கும் இடத்தில் வெட்டுங்கள்

பத்தாயிரத்துக்கு இந்த வரிசையில் தனிக்குறி இல்லை. ஆயிரத்துக்கு முன்னால் எத்தனை ஆயிரம் என்பதையே ஒரு முழு எண்ணாக எழுதுவார்கள். அதனால் 40,000 என்பது ௪௰௲, நாற்பது ஆயிரம். 

நீண்ட எண்ணைக் கண்டால் இடமிருந்து ஒவ்வொரு குறியாகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முதலில் ௲ எங்கே என்று தேடுங்கள். அதற்கு இடப்பக்கம் இருப்பதைத் தனியாகப் படித்து ஆயிரத்தால் பெருக்குங்கள். பிறகு வலப்பக்கம் இருப்பதைக் கூட்டுங்கள்.

௰௨௲௩௱௪௰௫ என்பதை எடுத்துக்கொள்வோம். ௲க்கு இடப்பக்கம் ௰௨, அதாவது 12. ஆகவே 12,000. வலப்பக்கம் ௩௱௪௰௫, அதாவது 345. விடை 12,345. இதையே இடமிருந்து அவசரமாகப் படிப்பவர், முதலில் வரும் ௰ஐப் பத்து என்று ஒதுக்கிவிட்டு ௨௲ஐ இரண்டாயிரம் என்று படிப்பார். அவருக்கு 2,355 கிடைக்கும். ஏறத்தாழப் பத்தாயிரம் காணாமல் போய்விடும். ௨௱௫௰௲ போன்ற எண்ணும் இப்படித்தான்: இருநூற்றைம்பது ஆயிரம், இன்றைய எழுத்தில் 2,50,000.

படி 4: சுழியத்தை நீங்களே இட வேண்டும்

பழைய முறையில் சுழியத்துக்கு வேலை இல்லை. இல்லாத இடத்தை எழுதாமலே விட்டுவிடுவார்கள். ௨௱௮ என்றால் இருநூற்று எட்டு. பத்துகள் இல்லை, அதனால் ௰ இல்லை. இதை மாற்றும்போது ௱ஐ விழுங்கிவிட்டு 28 என்று எழுதுவதுதான் தொடக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. ஒவ்வொரு துண்டையும் முழு மதிப்போடு எழுதிக் கூட்டினால் இது நேராது: 200 + 8 = 208. அதே போல ௪௲௭ என்பது 4,000 + 7 = 4,007.

மாதிரிக்கு ஒரு நெல் கணக்கு:

கலம் ௱௨௰
கலம் ௯௰௬
கலம் ௨௱௮
ஆக கலம் ௪௱௨௰௪

மாற்றினால் 120, 96, 208. கூட்டினால் 424. கீழே இருக்கும் ௪௱௨௰௪ என்பதும் 400 + 20 + 4 = 424. சரி. மூன்றாவது வரியை 28 என்று படித்திருந்தால் கூட்டல் 244 என்று வந்து, எங்கோ தவறு என்று காட்டிக்கொடுத்திருக்கும். பழைய கணக்குகளில் ‘ஆக’ என்ற வரி கிடைத்தால் விடாதீர்கள். படித்தது சரியா என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை.

நில அளவிலும் இப்படி ஒரு சோதனை உண்டு. டெல்டாவில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆகவே ஒரு வேலிக்கு ௨௲ குழி. ஆவணத்தில் ‘குழி ௲௩௱௫௰’ என்று இருந்தால் 1,350 குழி, அதாவது பதின்மூன்றரை மா. ஊரில் அந்த வயல் எவ்வளவு என்று தெரிந்தவரிடம் கேட்டால் நீங்கள் படித்தது பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும்.

எண் அல்லாதவற்றை எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்

தாளின் உச்சியில் தனியாக நிற்கும் உ, பிள்ளையார் சுழி, இரண்டு அல்ல. தேதியில் எண்ணை ஒட்டி வரும் ௵ ஆண்டையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறிக்கும். ‘௲௮௱௬௰௪௵ ஏப்ரல்௴ ௰௨௳’ என்றால் 1864ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12ஆம் நாள். ௵, ௴, ௳ மூன்றையும் பென்சிலால் வட்டமிட்டு ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவதுதான் எண்.

கையெழுத்தில் ௧ க போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும், ௰ ய போலவும் இருக்கும். ஐயம் வந்தால் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். கலம், குழி, மா போன்ற அளவுச் சொல்லை ஒட்டி நின்றால் அது பெரும்பாலும் எண்தான்.

நிலக் கணக்கிலும் நெல் கணக்கிலும் முழு எண் முடிந்த பிறகு வ போன்ற ஒரு குறி வரலாம். அது கால் என்ற பின்னம். பின்னங்களுக்குத் தனி வரிசையே உண்டு. மேலே சொன்ன விதி அவற்றுக்குப் பொருந்தாது. முழு எண்ணை மட்டும் மாற்றி எழுதிவிட்டு, பின்னக் குறியை இருக்கிறபடியே பக்கத்தில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.