சர்க்கரை இறங்கினால் போதுமா? புது மருந்தை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் துறையின் ஜர்னல் கிளப்பில் ஒரு முதுநிலை மாணவி புதிய சர்க்கரை மருந்து ஒன்றின் ஆய்வை விளக்கினார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இறங்கும் படத்தைக் காட்டிவிட்டு, "ஆக, இதயத்துக்கும் நல்லது சார்" என்று முடித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாணவனாக இருந்தபோது நானும் இதையேதான் சொன்னேன்.

மாரடைப்போ மரணமோ நேர்வதற்கு ஆண்டுகள் ஆகும். அதனால் ஆய்வாளர்கள் அவற்றுக்குப் பதிலாகக் கொழுப்பையோ சர்க்கரையையோ அளக்கிறார்கள். இதைப் பதிலி அளவு என்று வைத்துக்கொள்வோம். பி மதிப்பைப் பார், எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்று பார் என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அதை விடுகிறேன்.

கூடவே வருவதைக் காரணம் என்று நம்புவது

2004-ல் டார்செட்ரபிப் என்ற மருந்து பற்றிய கட்டுரை வந்தது. 19 பேரிடம் மட்டுமே நடந்த சோதனை. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். பாதிக்குப் பாதி, சிலருக்கு இரண்டு மடங்கு வரை ஏறியிருந்தது. நான் பலகையில் கணக்கே போட்டுக் காட்டினேன். எச்.டி.எல். 1 மி.கி. கூடுதலாக உள்ளவர்களுக்கு இதயநோய் 2 சதவீதமாவது குறைவு என்று பழைய கணக்கெடுப்புகள் சொல்லின. இந்த மருந்து 25 மி.கி. ஏற்றினால்? மாரடைப்பு பாதியாகிவிடும்! யாரும் மறுக்கவில்லை.

பிறகு 15,000 பேரிடம் பெரிய ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் கொழுப்பை இறக்கும் ஸ்டாடின் வகை மருந்தான அடோர்வாஸ்டாடின் உண்டு, பாதிப் பேருக்குக் கூடவே டார்செட்ரபிப். எச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 25 சதவீதம் இறங்கியது. பதிலி அளவைப் பொறுத்தவரை இதைவிட நல்ல முடிவு கேட்க முடியாது. ஆனால் 2006 டிசம்பரில் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களில் 93 பேர் இறந்திருந்தார்கள், எடுக்காதவர்களில் 59 பேர்.

என் கணக்கு இரண்டு இடத்தில் பிசகியது. முதலாவது, மருந்து ஒரு வேலையோடு நிற்பதில்லை. டார்செட்ரபிப் ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 5 புள்ளி ஏற்றியது, பொட்டாசியத்தைக் குறைத்தது, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டியது. எச்.டி.எல். அளக்கும் குழாயில் இவை எதுவும் தெரியாது. அழுத்தம் கொஞ்சம் ஏறுவது முந்தைய சோதனைகளிலேயே தெரிந்திருந்தது. ஏறும் எச்.டி.எல். அதை ஈடுகட்டிவிடும் என்று நம்பினார்கள் என்பதுதான் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும் இடம்.

இரண்டாவது பிசகு இன்னும் ஆழமானது. "சரி, அந்த மருந்தில்தான் கோளாறு, எச்.டி.எல். கொள்கை சரிதான்" என்று நானும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே வகையில், அந்தப் பக்கவிளைவு பெரிதாக இல்லாத எவாசெட்ரபிப் வந்தது. எச்.டி.எல். இரு மடங்குக்கு மேல் ஏறியது, மாரடைப்பு குறையவே இல்லை. இதற்கிடையே, 2012-ல் வெளியான மரபணு ஆய்வு, பிறவியிலேயே எச்.டி.எல். கூடுதலாக வைக்கும் ஒரு மரபணு மாற்றம் கொண்டவர்களுக்கும் மாரடைப்பு குறைவாக இல்லை என்று காட்டியது. எச்.டி.எல். நோயோடு சேர்ந்து மாறும் அடையாளமே தவிர, நோயை இயக்கும் கை அல்ல என்று பிறகுதான் உறைத்தது. குடையை மடக்கினால் மழை நிற்காது.

அப்படியானால் எந்தப் பதிலியை நம்பலாம்? நோயாளிக்கு நோயாளி உள்ள தொடர்பு போதாது. பல ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்: அளவு அதிகம் மாறிய ஆய்வில் மாரடைப்பும் அதிகம் குறைந்ததா? ஸ்டாடின்களில் எல்.டி.எல். இந்தச் சோதனையில் தேறுகிறது. சுமார் 39 மி.கி. இறங்கினால் பெரிய இதய, ரத்தநாளப் பாதிப்புகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. வெவ்வேறு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த கணக்கு இது.

ஒரு மருந்தில் தேறியதை வேறு வகை மருந்துக்கு ஒட்டவைப்பது

தேறியது எல்.டி.எல். மட்டுமல்ல, எல்.டி.எல்.லும் ஸ்டாடினும் சேர்ந்த ஜோடி. எவாசெட்ரபிப்பும் எல்.டி.எல்.லை இறக்கியதே, ஆனாலும் மாரடைப்பு குறையவில்லையே!

ஒரு உறுப்புக்குக் கிடைத்த பதிலை இன்னொன்றுக்குச் சொல்வது

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும், அது நிரூபணமானது. இதயம் வேறு கதை. 2008-ல் வெளியான அக்கார்டு ஆய்வில் சர்க்கரையை மிகத் தீவிரமாக இறக்கிய பிரிவில் 257 பேர் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 203 பேர். அந்த மாணவியிடம் இதைக் காட்டினேன்.

கூடவே 2015-ல் வந்த எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்தின் ஆய்வையும் எடுத்துக் கொடுத்தேன். அதில் இரு பிரிவுக்கும் சர்க்கரையில் வித்தியாசம் சொற்பம், ஆனால் இதயநோய் மரணம் 5.9 சதவீதத்திலிருந்து 3.7-க்கு இறங்கியிருந்தது. சர்க்கரையை மட்டும் அளந்திருந்தால் அதைச் சுமாரான மருந்து என்று ஒதுக்கியிருப்போம். அவர் கொஞ்ச நேரம் அட்டவணையையே பார்த்துவிட்டு, "அப்போ நான் காட்டின ஆய்வில் இறப்பை எண்ணவே இல்லையே சார்" என்றார். ஆமாம், அது 24 வார ஆய்வு.