கார் வாங்க முதல் அந்த 17 எழுத்தை வாசிங்கோ – கனடா போற எங்கட பெடியளுக்கு

லீவில பரந்தனுக்கு வந்து நிக்கிறன். இந்த மாசமும் அடுத்த மாசமுமா எங்கட ஒழுங்கையிலயிருந்து மட்டும் மூண்டு பேர் டொரொண்டோ போகினம், ஒவ்வொருத்தனா வந்து அண்ணை அங்க போய் முதல் என்ன செய்யிறது எண்டு கேக்கிறாங்கள். சின் நம்பர், பாங்க், ஹெல்த் கார்ட் எல்லாம் அங்க இருக்கிற சொந்தக்காரர் கூட்டிக்கொண்டுபோய் செய்து தருவினம், அதுக்கு நான் தேவையில்லை. காரைப் பற்றித்தான் எழுதவேணும், ஏனெண்டால் அதில 1500 டொலர் விட்டவன் நான்.

ஊரில நாங்கள் ஜப்பான் கார் எண்டு சொன்னா அது ஜப்பானில கட்டி, ஜப்பானில ஓடி, ஏலத்தில எடுத்து, ஒக்‌ஷன் ஷீட்டோட கப்பலில வந்த சாமான். அதுக்குக் காசு கூடக் குடுக்கிறது எங்களுக்குப் பழகிப்போச்சு. அந்த மண்டையோடதான் நானும் போனன். போய் நாலு மாசத்தில 2012 கொரொல்லா ஒண்டு பாத்தன், வித்தவர் எங்கட ஆள்தான், தேத்தண்ணியெல்லாம் தந்தவர். "தம்பி, இங்க ரோட்டில ஓடுற கொரொல்லா எல்லாம் கனடாவில பொருத்தினது, இது நேர ஜப்பானில இருந்து வந்தது, அதுதான் மற்றவை சொல்லுறதைவிட 1500 கூட" எண்டார். டொயோட்டா எண்டா ஜப்பான்தானே, நானும் சரியெண்டு எண்ணிக் குடுத்திட்டன்.

ரெண்டு கிழமை கழிச்சு டயருக்குக் காத்து எவ்வளவு அடிக்கிறது எண்டு பாக்க சாரதி பக்கக் கதவைத் திறந்தன். கதவுத் தூணில ஒரு ஸ்டிக்கர், அதில டொயோட்டா மோட்டர் மனுஃபக்சரிங் கனடா எண்டு கொட்டை எழுத்தில கிடக்கு. கார் கட்டினது கேம்பிரிட்ஜில, நான் இருந்த இடத்திலயிருந்து ஒரு மணித்தியால ஓட்டம்! அண்டைக்கு இரவுதான் ஒவ்வொரு காருக்கும் தனி அடையாளமா இருக்கிற விஐஎன் நம்பர் எண்டா என்ன எண்டு இருந்து படிச்சன்.

அந்த நம்பர் முன் கண்ணாடிக்குள்ள, சாரதி பக்க மூலையில சின்னத் தகட்டில இருக்கும், வெளிய நிண்டே வாசிக்கலாம். மொத்தம் 17 எழுத்து. I, O, Q மூண்டும் வராது, வட்டமா ஒண்டைக் கண்டா அது சைபர்தான். முதல் எழுத்து இடத்தைச் சொல்லும். 1, 4, 5 எண்டா அமெரிக்கா, இப்ப வாற சில புதுக் கார்களுக்கு 7ம் இருக்கு. 2 கனடா, 3 மெக்சிக்கோ, J ஜப்பான், K கொரியா. முதல் மூண்டையும் சேத்து வாசிச்சா ஆர் கட்டினது எண்டும் வரும்.

என்ர கார் துவங்கினது இப்பிடி:

```
2T1BU4EE
```

2 கனடா, T டொயோட்டா. இதே பொடி, இதே என்ஜின், ஆனா ஜப்பானில கட்டியிருந்தா JTDBU4EE எண்டு துவங்கியிருக்கும். மிசிசிப்பியில கட்டினது 5YFBU4EE. பாருங்கோ, நாலாவதில இருந்து எட்டாவது வரை எல்லாத்துக்கும் ஒண்டுதான், அது மொடலையும் என்ஜினையும் சொல்லுறது. பிறந்த இடம் முன்னுக்கு நிக்கிற மூண்டிலதான். பிறகு பத்தாவது எழுத்து மொடல் வருசம், 2010க்கு A, 2011க்கு B, எனக்கு C, அது 2012. பதினொராவது எந்த ஃபக்டரி எண்டது, எனக்கு அதுவும் C, கேம்பிரிட்ஜ். ஒரு நிமிச வேலை. அந்த ஒரு நிமிசத்தை நான் தேத்தண்ணி குடிக்கச் செலவழிச்சிட்டன்.

கார் பழுதெண்டு நான் சொல்ல வரேல்லை, உண்மையைச் சொன்னா நல்லா ஓடினது, கேம்பிரிட்ஜ் கொரொல்லாவில ஒரு குறையும் இல்லை. இல்லாத ஒண்டுக்குக் காசு குடுத்ததுதான் எரிச்சல். போய்க் கேட்டன், "எனக்கும் அப்பிடித்தான் தம்பி சொல்லி வித்தவங்கள்" எண்டார். அதுக்கு மேல என்ன கதைக்கிறது.

இன்னொண்டு, இதில கனபேர் மற்றப் பக்கத்தால விழுகினம். என்ர அறையில இருந்த பெடியன் 2ல துவங்கிற கார் ஒண்டைப் பாத்திட்டு, இது கனடாக் கார், அமெரிக்காவில அடிபட்டு வந்ததா இருக்காது எண்டு வாங்கப் போனவன். அந்த 2 பிறந்த இடத்தைத்தான் சொல்லும், வளந்த இடத்தைச் சொல்லாது. கேம்பிரிட்ஜில கட்டின கார்கள் எத்தினையோ அமெரிக்காவுக்குத்தான் போறது, அங்க ஓடி, அங்க அடிபட்டு, திரும்பி இங்க விலைக்கு வரலாம். ஸ்பீடோமீட்டரில மைல் பெரிசாவும் கிலோமீட்டர் சின்னனாவும் இருந்தா வடிவா விசாரியுங்கோ. ஒன்டாரியோவில தனியாள் வித்தா யுவிஐபி எண்ட பேப்பர் கட்டு அவர் தான் எடுத்துத் தரவேணும், கண்ணாடியில, கதவில, ஓனர்ஷிப்பில, அந்தக் கட்டில நாலு இடத்திலயும் 17ம் ஒண்டா இருக்கோ எண்டு எழுத்தெழுத்தா பாருங்கோ. சந்தேகமெண்டா vpic.nhtsa.dot.gov எண்ட அமெரிக்க அரசாங்க தளத்தில போட்டுப் பாக்கலாம், காசில்லை. `Plant Country`, `Plant City` எண்ட ரெண்டு வரியையும் வாசிச்சாக் காணும். அங்க அடிபட்ட கதை வராது, அதுக்கு வேற ரிப்போர்ட் எடுக்கவேணும்.

ஜேர்மனி, லண்டன் பக்கம் போறாக்கள் இதை அப்பிடியே கொண்டுபோகாதேங்கோ. அங்க முதல் எழுத்து கொம்பனியின்ர நாட்டைச் சொல்லுறதும் உண்டு. ஸ்பெயினில பம்ப்லோனாவில கட்டின வோக்ஸ்வேகன் போலோவும் WVW எண்டுதான் துவங்கும், W எண்டா ஜேர்மனி எண்டு நம்பினா ஏமாறுவியள். வோக்ஸ்வேகனில பதினொராவது எழுத்தைத்தான் தேடிப் பாக்கவேணும்.

நேற்று இதையெல்லாம் பெடியளுக்கு மாமரத்துக்குக் கீழ வைச்சுச் சொல்லிக்கொண்டிருக்க, கடைசிப் பெடியன் எழும்பிப்போய் மச்சானின்ர வானின்ர தகட்டை டோர்ச் அடிச்சுப் பாத்திட்டு "அண்ணை, K! இது கொரியா வான்!" எண்டு கத்தினான். மச்சானுக்கு முகம் கறுத்துப்போச்சு, பாவம், லோன் இன்னும் கட்டி முடியேல்லை. தகட்டில இருந்தது KDH200, பிறகு ஒரு கோடு, பிறகு இலக்கம். எண்ணிப் பார் எத்தினை எழுத்து எண்டன், 17 வரேல்லை. ஜப்பான் உள்ளூருக்குக் கட்டின வாகனத்துக்கு இந்த 17 எழுத்து முறை இல்லை, அது சும்மா செஸி நம்பர். KD என்ஜின், H ஹைஏஸ், அவ்வளவுதான், அந்த Kக்கும் கொரியாவுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. 17 இருந்தா மட்டும்தான் முதல் எழுத்தை நாடா வாசிக்கலாம்.

பழகிப் பாக்க ஊரில வேற சாமான் இருக்கு. பஜாஜ் பல்சரின்ர ஹாண்டிலுக்குக் கீழ, கழுத்தில குத்தியிருக்கிறதை வாசிங்கோ, 17ம் இருக்கும், MD2 எண்டு துவங்கும். M இந்தியாவுக்கு மட்டுமில்லை, தாய்லாந்து இந்தோனேசியாவும் அதுக்குள்ளதான், ரெண்டாவது எழுத்து Aயில இருந்து E வரைக்குள்ள வந்தா இந்தியா எண்டு பிரியும், MD2 எண்டா பஜாஜ். பெடியள் மூண்டு பேரும் இப்ப ஒழுங்கையில நிக்கிற மோட்டசைக்கிள் ஒண்டையும் விடுறாங்களில்லை, பக்கத்து வீட்டு ஐயா கள்ளரெண்டு நினைச்சு நாயை அவிட்டு விட்டிட்டார்.