அழித்தும் குறையாத நாஸ்

வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டியான நாஸில் பழைய கேமரா வீடியோக்கள், சுமார் 400 ஜிபி, அழித்தேன். காலி இடம் துளிகூட ஏறவில்லை. கோப்புகள் அந்தப் பகிர்வுக்குள்ளேயே இருக்கும் `#recycle` ஃபோல்டருக்குத்தான் போயிருந்தன. அதையும் காலி செய்தேன். ஊஹூம்.

மிச்சம் பிடித்திருந்தது ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு. என் பெட்டியில் இருப்பது பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை. ஒரு கோப்பின் தரவை ஒரு ஸ்னாப்ஷாட் பிடித்திருந்தாலும் இடம் விடுபடாது. பட்டியலில் ஒவ்வொன்றின் அளவும் சில எம்பிதான் காட்டும். அதை நம்பக் கூடாது. அது அந்த ஒன்றுக்கு மட்டுமே சொந்தமான தரவு. பல ஸ்னாப்ஷாட்டுகள் பகிரும் 400 ஜிபி எதன் கணக்கிலும் வராது.

வரிசை முக்கியம். ரீசைக்கிள் பின்னை முதலில் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஸ்னாப்ஷாட் அந்தக் குப்பையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு புதிதாக ஒன்று எடுத்து, வீடியோக்கள் இருந்த காலத்துப் பழையவை எல்லாவற்றையும் நீக்கினேன். பூட்டிய ஒன்று மட்டும் தானாகப் போகாமல் நின்றது. பூட்டை எடுத்து அழித்தேன். வேறு எதையாவது மீட்க வேண்டியிருந்தால் இதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், பிறகு வழியில்லை.

இடம் உடனே திரும்பாது, பின்னணியில் மெதுவாகத்தான் விடுபடும். எஸ்எஸ்எச்-இல் இதைக் கொடுத்தால் முடியும்வரை காத்திருக்கும்:

```
sudo btrfs subvolume sync /volume1
```