"டியர் மிஸ்டர் ஆறுமுகம்" என்று மெயில் வந்தால் என்ன செய்வது?

என் பெயர் தேன்மொழி. ஆறுமுகம் என் அப்பா. பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலை வேலைக்காகக் கோலாலம்பூர் ஏஜென்சி ஒன்றிலிருந்து எனக்கு வந்த முதல் மெயில் "டியர் மிஸ்டர் ஆறுமுகம்" என்றுதான் தொடங்கியது. வேலை தேடுகிற நேரத்தில் இதைப் போய்ப் பெரிதுபடுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து நேர்காணலுக்குப் போனேன். வாசலில் ஜாகா என் ஐசியை வாங்கி, வருகையாளர் பட்டியலில் விரலை வைத்து மேலும் கீழும் தேடினார். என் பெயர் இல்லை. "Mr. Arumugam" இருந்தது. உள்ளே போன் போட்டு விசாரித்து என்னை விடுவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. அதன்பிறகு நான் கடைப்பிடிக்கிற முறை இது.

1. முதலில் உங்கள் பக்கம் பாருங்கள்

பெரும்பாலும் அந்த மெயிலை எழுதியவர் உங்களை அவமதிக்கவில்லை. வேலைத் தளங்களின் படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அதனால் அப்பா பெயரைப் போடுகிறோம். வாழ்த்து வரி அந்தக் கட்டத்திலிருந்து தானாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நான் இப்போது இப்படி நிரப்புகிறேன்:

```
First name: Thenmozhi
Last name: Arumugam
Preferred name: Thenmozhi
Title: Ms
```

ஐசியில் இருக்கும் A/P-ஐ இதில் போடாதீர்கள். சாய்கோட்டைச் சில படிவங்கள் ஏற்காது, அல்லது விழுங்கிவிடும். முழுப் பெயரை ரெஸ்யூமேயின் தலைப்பில் ஐசியில் உள்ளபடியே கொடுத்தால் போதும்.

2. முதல் தடவை: கையொப்பம் பேசட்டும்

கேட்ட விவரங்களுக்குப் பதில் எழுதிவிட்டு, கீழே `Ms. Thenmozhi` என்று தெளிவாகக் கையொப்பமிடுங்கள். கவனிக்கிறவர் அடுத்த மெயிலில் தானே மாற்றிக்கொள்வார்.

3. இரண்டாம் தடவை: இரண்டே வாக்கியம்

நான் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். நேர்காணலுக்குப் பிறகு உட்கார்ந்து, ஏஜென்சியிலிருந்து எனக்கு எழுதிய பெண்ணுக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். தமிழர்களின் பெயர் முறை, A/L என்றால் மகன், A/P என்றால் மகள், அப்பா பெயரால் அழைப்பது ஏன் தவறு என்று மூன்று பத்தி. அனுப்பும் முன் அக்கா படித்துவிட்டு, "இதைப் படித்தால் அந்தப் பெண் பயந்துபோவாள், தேனு" என்றாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பதிலின் கடைசியில் இந்தப் பொருளில் இரண்டு வாக்கியம் மட்டும் வைத்தேன்:

"சிறிய திருத்தம்: என் பெயர் தேன்மொழி, ஆறுமுகம் என் தந்தையின் பெயர். நிறுவனத்துக்கு அனுப்பும் விவரத்திலும் மிஸ் தேன்மொழி என்று மாற்றிவிட்டால் உதவியாக இருக்கும்."

இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஏஜென்சிகள் பலவும் நம் ரெஸ்யூமேயை அப்படியே அனுப்புவதில்லை, தங்கள் படிவத்தில் மறுபடி தட்டச்சு செய்கின்றன. உங்களுக்கு வரும் மெயில் சரியான பிறகும் அந்தப் படிவத்தில் பழைய பிழை அப்படியே இருக்கும். வாசல் பட்டியல் வரை போவது அந்தப் பிழைதான்.

திருத்தத்தை அவருக்கு மட்டும் அனுப்புங்கள். மேலாளர் நகலில் இருக்கும்போது எல்லோருக்கும் பதில் போட்டால், அவரைப் பலர் முன்னால் நிறுத்தியது போலாகிவிடும். நீங்கள் மன்னிப்பும் கேட்க வேண்டாம், தவறு உங்களுடையதல்ல. அவர் மன்னிப்புக் கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

4. போனில்

"மிஸ்டர் ஆறுமுகமா?" என்றால், "தேன்மொழி பேசுகிறேன், சொல்லுங்கள்" என்றே தொடங்குங்கள். 'ழ' பலருக்கு வராது. டென்மோலி என்றால் நான் திருத்துவதில்லை, எழுத்து சரியாக இருந்தால் எனக்குப் போதும். உச்சரிப்பும் சரியாக வேண்டும் என்பவர்கள் லிங்க்ட்இன் செயலியில் பத்து விநாடிக்குள் பெயரைப் பேசிப் பதிவு செய்து வைக்கலாம். வாட்சப்பில் குரல் பதிவு அனுப்புவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், கேட்பவர் தனியாகக் கேட்டுக்கொள்வார்.

5. வேலைக் கடிதத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

இங்கே தயக்கத்துக்கு இடமில்லை. KWSP, பெர்கேசோ, வங்கிக் கணக்கு எல்லாம் ஐசிப் பெயரில் இருக்கின்றன. கடிதத்தில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போடாதீர்கள். ஐசியில் உள்ளபடி பெயரை எழுதி அனுப்பி, புதுக் கடிதம் கேளுங்கள்.

பின்சேர்க்கை: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். சாய்கோட்டைப் படிவம் விழுங்கிவிட்டதால் அவருக்கு "Dear Ap" என்று மெயில் வந்ததாம். அதற்கும் இரண்டாம் படியே போதும், கூடவே படிவத்தையும் திருத்திவிடுங்கள். இன்னொருவர், திருமணமாகாத தன்னைப் புவான் என்று அழைக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். கையொப்பத்தில் `Cik` சேர்த்தார், அடுத்த மெயிலிலேயே மாறிவிட்டது.