வோல்ட்டை மாற்றினால் வேகம் மாறாது: ரெக்கார்ட் பிளேயர் மோட்டாரில் நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் என் சித்தப்பா மகன் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு பழைய பெல்ட் ரெக்கார்ட் பிளேயரை மெட்ராஸுக்குக் கொண்டு வந்தான். 120 வோல்ட் மெஷின் என்று தெரிந்ததால், ரிச்சி தெருவில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினான். தட்டு சுற்றியது, ஊசி வைத்தோம், பாட்டும் வந்தது. ஆனால் பெண் குரல் கனத்து ஆண் குரல் போலக் கேட்டது. 5 கட்டையில் பாடியது 3 கட்டைக்கும் சற்றுக் கீழே போயிருந்தது. 20 நிமிடப் பக்கம் முடிய 24 நிமிடம் ஆனது.

பெல்ட் தளர்ந்திருக்கும் என்று புது பெல்ட் போட்டான். மோட்டாருக்கு எண்ணெய் விட்டான். வீட்டு கரண்ட்டில் வோல்டேஜ் குறைவாக இருக்குமோ என்று ஸ்டெபிலைசரும் வைத்துப் பார்த்தான். எதற்கும் வேகம் அசையவில்லை. அசையாது என்பதுதான் விஷயம். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும். ஆனால் நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருவதை அது 60 ஆக்காது. அந்த மோட்டார் பார்ப்பது வோல்ட்டை அல்ல, அந்த 50-ஐத்தான்.

ஏன் அப்படி? இந்தச் சின்ன சின்க்ரனஸ் மோட்டாரின் உள்ளே காயில்கள் உண்டாக்கும் காந்தப்புலம், மின்சாரத்தின் தாளத்துக்கு ஏற்பச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடுவில் இருக்கும் ரோட்டர் ஒரு நிலைக்காந்தம். அதன் துருவங்கள் சுற்றும் புலத்தின் துருவங்களைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகின்றன. கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டியை ஒருவர் இழுத்துக்கொண்டு நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கன்று முரண்டினால் கயிறு இறுகும், கன்று கொஞ்சம் பின்தங்கும். ஆனால் நடை வேகம் இழுப்பவருடையதுதான். அதுபோல மோட்டாரின் சுமை கூடினால் ரோட்டர் சில டிகிரி பின்தங்கும், வேகம் குறையாது. தாங்க முடியாத அளவுக்குச் சுமை ஏறினால் கயிறு அறுந்த மாதிரி பிடி விட்டு, மோட்டார் நடுங்கிக்கொண்டு நின்றுவிடும். நடுவில் 'கொஞ்சம் மெதுவாக ஓடுவது' என்ற நிலையே அதற்குக் கிடையாது.

மின்விசிறி மோட்டார் இப்படி அல்ல. அது இண்டக்‌ஷன் வகை. சுற்றும் புலத்தை விட எப்போதும் சற்று மெதுவாகச் சுற்றினால்தான் அதில் இழுவிசையே பிறக்கும். அதனால் ரெகுலேட்டரால் அதன் வேகத்தைக் குறைக்க முடிகிறது. இந்தப் பழக்கத்தில்தான் பலர் ரெக்கார்ட் பிளேயருக்கும் ஃபேன் ரெகுலேட்டரையோ டிம்மரையோ மாட்டிப் பார்க்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். டிம்மர் மின்னலையை வெட்டி வெட்டி அனுப்பும். மோட்டார் உறுமும், அந்த அதிர்வு ஊசி வழியாக ஸ்பீக்கரில் கேட்கும். வேகமோ அப்படியே இருக்கும், அல்லது மோட்டார் நின்றே போகும்.

கணக்கு இதுதான்:

```
N = 120 × f / p
```

f என்பது அந்த 50 அல்லது 60 ஹெர்ட்ஸ், p என்பது துருவங்களின் எண்ணிக்கை, N என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. இதில் வோல்ட்டுக்கு இடமே இல்லை, பார்த்தீர்களா? எங்கள் மெஷினில் இருந்தது 24 துருவ மோட்டார். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் 300 சுற்று, இங்கே 250. தட்டின் வேகமும் அதே விகிதத்தில் குறைந்து, 33⅓-க்குப் பதில் 27.8 ஆகிவிடும்.

டைமரிலும் இதே கதைதான். 60 ஹெர்ட்ஸுக்கென்று பல்சக்கரம் அமைத்த டைமரை இங்கே மாட்டினால், ஒரு மணி நேரம் என்று திருகி வைத்தது 72 நிமிடம் ஓடும். 24 மணி நேர டைமர் என்றால் நாளொன்றுக்கு 4 மணி நேரம் பின்தங்கும். 'மோட்டாரில் 50/60 Hz என்று போட்டிருக்கிறதே, இரண்டுக்கும் பொருந்தும்' என்று நினைப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. மைக்ரோவேவ் ஓவனின் தட்டைச் சுற்றும் மோட்டாரைக் கழற்றிப் பாருங்கள், பலவற்றில் 5/6 RPM, 50/60 Hz என்று இருக்கும். 50-இல் 5 சுற்று, 60-இல் 6 சுற்று என்றுதான் அதற்குப் பொருள். இரண்டிலும் கெட்டுப்போகாது, அவ்வளவுதான். வேகம் ஒன்றாக இருக்கும் என்று அது சொல்லவில்லை. சோறு சூடாக்க அது போதும். பாட்டுக்கும் நேரத்துக்கும் போதாது.

எங்களை அதிகம் ஏமாற்றியது ஸ்ட்ரோப் அட்டைதான். தட்டின் மேல் வைக்கும் வட்ட அட்டை அது. அதில் கறுப்புக் கோடுகள் இருக்கும். சோக் போட்ட பழைய டியூப் லைட்டின் கீழே கோடுகள் நகராமல் நின்றால் வேகம் சரி என்று பொருள். அவன் அங்கிருந்தே ஒரு அட்டை கொண்டு வந்திருந்தான். வைத்தோம், கோடுகள் ஆணி அடித்தது போல நின்றன. காது தப்பு என்கிறது, கண் சரி என்கிறது!

அட்டையின் கோடுகளை எண்ணினேன், 216 இருந்தன. அது 60 ஹெர்ட்ஸ் அட்டை, அதாவது விநாடிக்கு 120 முறை மின்னும் விளக்குக்கு உரியது. இங்கே விளக்கு 100 முறைதான் மின்னும். 100 மின்னலில் 216 கோடுகள் நிற்க வேண்டுமென்றால் தட்டு 27.8 சுற்றில் ஓட வேண்டும். எங்கள் தட்டு அதே வேகத்தில்தான் ஓடியது. மோட்டாரும் விளக்கும் ஒரே மின்சாரத்தில் ஒரே அளவு பிசகியதால், ஒன்றின் பிழையை மற்றது மறைத்துவிட்டது. நம் ஊரில் 33⅓-க்கு 180 கோடுள்ள அட்டைதான் வேண்டும். விளக்கும் மின்ன வேண்டும். நல்ல எல்இடி பல்பின் ஒளியில் கோடுகளே தெரியாது.

அட்டையே இல்லாமலும் பார்க்கலாம். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, 100 சுற்று எண்ணுங்கள். 33⅓-இல் சரியாக 3 நிமிடம் ஆகும். எங்களுடையது 3 நிமிடம் 36 விநாடி எடுத்தது.

சரி, வழி என்ன? ஒன்று, 60 ஹெர்ட்ஸை உண்டாக்கித் தரும் எலக்ட்ரானிக் பவர் சப்ளை. இல்லையென்றால் மோட்டார் தண்டில் பெல்ட்டைச் சுற்றும் புல்லியை மாற்றுவது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடுவதால் புல்லி 1.2 மடங்கு பருமனாக வேண்டும். ஜப்பானின் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 என்பதால், அந்த நாட்டுப் பழைய பிளேயர்கள் சிலவற்றுக்கு இரண்டு புல்லிகளும் கிடைக்கும். அவன் முதலில் செய்தது, பழைய புல்லியில் டேப் சுற்றியது. அது வட்டமாக அமையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஆடும். பெல்ட்டை நடுவில் நிறுத்தும் புல்லியின் மேட்டு வளைவும் டேப்புக்குள் மறைந்து, பெல்ட் ஓரத்துக்கு நழுவும்.

கடைசியில் லேத் பட்டறையில் பித்தளையில் ஒரு புல்லி கடைந்தோம். பழையது 16.7 மில்லிமீட்டர், புதியது 20. அப்புறம் டிரான்ஸ்ஃபார்மரையும் 100 வோல்ட்டுக்கு மாற்றினோம். அதே 120 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் காயில் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். 120-க்கு 60 என்றால் 100-க்கு 50, அதே விகிதம்.

மறுபடியும் 100 சுற்று எண்ணினோம். 3 நிமிடம் 1 விநாடி. அந்த ஒரு விநாடி பெல்ட்டின் பருமனைக் கணக்கில் சேர்க்காததால் வந்தது. புல்லியின் விட்டத்தோடு பெல்ட்டின் பருமனையும் சேர்த்து 1.2-ஆல் பெருக்கி, பிறகு அந்தப் பருமனைக் கழித்திருக்க வேண்டும். பாட்டு 5 கட்டையிலேயே நின்றது.