‘மட்டுமே’ இடம் மாறிய பாசன அறிக்கை

சித்தூர் பக்கத்துப் பாசன அறிக்கை; இயந்திரம் தமிழாக்கியதைத் திருத்தினேன். தமிழ் சரளமாக ஓடியது. “இடது கால்வாய் மதகுகள் மட்டுமே மூடப்படும்” என்ற வரி மட்டும் பின்வந்த அட்டவணையோடு ஒட்டவில்லை. மூலத்தில் இருந்ததோ, தடுப்பணையில் நீர் 3 அடிக்குக் கீழ் போனால் மட்டுமே மதகுகளை மூடலாம் என்பது.

எழுத்துப்பிழைச் சோதனை, எண் சோதனை இரண்டிலும் சிக்கவில்லை. 3 இரண்டு பக்கமும் இருந்ததே! தமிழை மட்டும் மறுபடி வாசித்ததும் வீண்.

காரணம் மூலக் கோப்பில். பிடிஎஃப்பை வேர்டாக மாற்றியபோது வாக்கியத்தின் நடுவே, ‘ஒன்லி’க்கு அடுத்து, பத்தி முறிவு விழுந்திருந்தது. இயந்திரம் இரண்டு துண்டையும் தனித்தனி வாக்கியமாக எடுத்து, ‘மட்டுமே’யை மதகோடு ஒட்டிவிட்டது.

வேர்டில் வைல்டுகார்டு தேடலை இயக்கி முறிவுகளை ஒட்டினேன்:

```
Find:    ([a-z,])^13([a-z])
Replace: \1 \2
```

மொத்தமாக மாற்றக் கூடாது. சிறிய எழுத்தில் தொடங்கும் பட்டியல் வரிகளும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய வாக்கியங்களை மறுபடி மொழிபெயர்க்க விட்டேன். அதற்குப் பிறகும் only, unless, until, except வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மூலத்தில் தேடி, ‘எப்போது மூடலாம், எப்போது கூடாது’ என்று இரு பக்கமும் கேட்டுப் பார்த்தேன். அடிக்குறிப்புகளை அதில் விட்டுவிடாதீர்கள்; அவற்றுக்குத் தேடலைத் தனியாக ஓட்ட வேண்டியிருந்தது.