சாம்பல் குட்டி கறுப்பானது எப்பெண்டு போட்டோவில பிடிச்ச கதை

வெள்ளவத்தையில எங்கட பிளாட்டுக்குக் கொண்டு வரேக்க பூனைக்குட்டி சாம்பல் நிறம், 5 மாசத்தில நல்ல கறுப்பு. இடையில, எப்ப மாறத் தொடங்கினதெண்டு பழைய போட்டோக்களைப் பார்த்தா ஒண்டும் விளங்கேல்ல, ஏனெண்டா ராவில மஞ்சள் பல்புக்குக் கீழ எடுத்ததில அது பிரவுணாத் தெரியுது, அக்கா அனுப்பின போட்டோக்கள் எல்லாம் நான் சேவ் பண்ணின திகதியைத்தான் காட்டுது.

திகதிக்கு கண்ணைப் பார்த்தன். குட்டிகளின்ட நீலக்கண் கிட்டத்தட்ட 6, 8 கிழமையில மாறத் தொடங்கும், அதால நீலக்கண் போட்டோக்களை முன்னுக்குப் போட்டன்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காலமை ஜன்னல் பக்கம், சுவரில ஒரு ஏ4 தாளை ஒட்டி, குட்டியை அதோட ஒட்டினபடி நிக்க வச்சு, போனை அதின்ட உயரத்துக்குப் பதிச்சு எடுத்தன். தாள் வெள்ளையாத் தெரிஞ்சா நிறத்தை நம்பலாம், தாளின்ட நீளம் 29.7 சென்டிமீட்டர் எண்டதால உடம்பையும் அதோட ஒப்பிடலாம். குட்டி தாளை விட்டு போனுக்குக் கிட்ட வந்தா பெரிசாத் தெரியும், அந்தப் போட்டோவைக் கழிச்சிடுங்கோ.

மயிரை விலக்கியும் ஒண்டு எடுத்தன், அதுதான் விஷயத்தைச் சொன்னது: அடி கறுப்பு, நுனி மட்டும் சாம்பல். தாய்க்குச் சினையில காய்ச்சலோ ஸ்ட்ரெஸ்ஸோ இருந்தா குட்டி சாம்பல் நிறத்தோட பிறக்கலாம், புது மயிர் வளர வளர உண்மையான நிறம் வரும். ஸ்மோக் எண்ட நிற வகைப் பூனைக்கு மறுபக்கம், அடிதான் வெள்ளை.